தொற்றுக் காலத்தில் ஊழியர்களுக்குத் தடுப்பூசி நிபந்தனை: நிறுவனங்களின் அதிகாரம் எதுவரை?

பெங்களூரு: 'தடுப்பூசி செலுத்தியவர்கள் மட்டுமே பணிக்கு வர வேண்டும்' என்ற அறிவிப்பு, கரோனா பரவல் உச்சத்தில் இருந்தபோது பல அலுவலகங்களிலும் கடைகளிலும் ஒட்டப்பட்டிருந்தது. 2021 டிசம்பரில் ஒமைக்ரான் வகை தொற்று பெங்களூரில் உறுதி செய்யப்பட்டதும், வணிக வளாகங்களுக்கும் திரையரங்குகளுக்கும் இரு தவணை செலுத்தியவர்களை மட்டுமே அனுமதிக்க வேண்டும் என்று கர்நாடக அரசு உத்தரவிட்டது. இத்தகைய நிபந்தனைகளின் சட்ட வரம்பை உச்சநீதிமன்றம் அதன்பிறகே வரையறுத்தது.

ஜேக்கப் புலியேல் வழக்கில் நீதிபதிகள் எல்.நாகேஸ்வர ராவ், பி.ஆர்.கவாய் அமர்வு 2022 மே 2-ஆம் தேதி தீர்ப்பளித்தது. ஒருவரின் உடல் மீதான உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவில் அடங்கும். எனவே, யாரையும் தடுப்பூசி செலுத்திக்கொள்ளும்படி வற்புறுத்த முடியாது என்று அந்தத் தீர்ப்பு கூறியது. அதே வேளையில், பொது சுகாதாரத்துக்காக அந்த உரிமைக்கு அரசு வரம்பு விதிக்கலாம். அதற்குச் சட்ட ஆதாரம், நியாயமான தேவை, தேவைக்கு மிகாத அளவு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும்.

கட்டுப்பாடுகள் தோற்றது மூன்றாவது சோதனையில்தான். தடுப்பூசி செலுத்தாதவரிடமிருந்து தொற்று பரவும் அபாயம், செலுத்தியவரைவிட அதிகம் என்று காட்டும் தரவு எதையும் அரசுகள் முன்வைக்கவில்லை. ஆகவே, தொற்று குறைவாக இருக்கும் வரை செலுத்தாதவர்களுக்கு எதிரான கட்டுப்பாடுகளை மறுஆய்வு செய்ய வேண்டும் என்று தனியார் அமைப்புகள் உள்பட அனைவருக்கும் நீதிமன்றம் யோசனை கூறியது. இது கட்டாய உத்தரவு அல்ல, யோசனைதான் என்பதும், அன்றைய கரோனா நிலவரத்துக்கு மட்டுமே உரியது என்பதும் பலர் கவனிக்கத் தவறிய அம்சங்கள். முகக்கவசம் போன்ற தற்காப்பு விதிகளை இத்தீர்ப்பு தொடவில்லை. பரவலை உண்மையிலேயே தடுக்கும் தடுப்பூசியுடன் நாளை வேறொரு நோய் வந்தால், விடையும் மாறலாம்.

பிழைப்புக்கும் தடுப்பூசிக்கும் முடிச்சுப் போடுவதை மேகாலய உயர்நீதிமன்றம் ஓராண்டுக்கு முன்பே எதிர்த்தது. கடைக்காரர்களும் வாடகை கார் ஓட்டுநர்களும் ஊசி செலுத்திய பிறகே தொழிலைத் தொடரலாம் என்று அங்குள்ள மாவட்ட நிர்வாகங்கள் உத்தரவிட்டிருந்தன. தொழில் செய்யும் உரிமையைப் பாதிக்கும் அத்தகைய வற்புறுத்தல் செல்லாது என்று 2021 ஜூனில் கூறிய நீதிமன்றம், ஊழியர்கள் தடுப்பூசி செலுத்தியுள்ளனரா, இல்லையா என்பதைக் கடைகளில் பலகை வைத்து அறிவித்தால் போதும் என்றது. முடிவை வாடிக்கையாளரிடமே விட்ட நடைமுறைத் தீர்வு அது.

தனியார் நிறுவனத்தின் நிலை சற்று வேறானது. அடிப்படை உரிமைகளைப் பெரும்பாலும் அரசுக்கு எதிராகவே நிலைநாட்ட முடியும். தனியார் ஊழியருக்குப் பாதுகாப்பு தருவது தொழிலாளர் சட்டமே. எடுத்துக்காட்டாக, பெங்களூரு காக்ஸ் டவுனில் உள்ள ஒரு துணிக்கடையில் இரண்டு ஆண்டுகள் வேலை செய்தவர் ஊசி செலுத்த மறுக்கிறார் என்று கொள்வோம். 1961-ஆம் ஆண்டின் கர்நாடக கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தின் 39-ஆவது பிரிவின்படி, தொடர்ந்து ஆறு மாதங்கள் பணியாற்றியவரை நியாயமான காரணமின்றி நீக்க முடியாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ தர வேண்டும். ஒழுங்கீனம் என்று கூறி முன்னறிவிப்பின்றி நீக்குவதாக இருந்தால், விசாரணை நடத்தி அதை நிரூபித்திருக்க வேண்டும். நீக்கப்பட்டவர் உரிய அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம்.

அங்கு எழும் கேள்வி, மறுப்பு 'நியாயமான காரணம்' ஆகுமா என்பதே. அவரைக் கிடங்கு வேலைக்கு மாற்றவோ, முகக்கவசத்துடன் பணியாற்றச் செய்யவோ வாய்ப்பிருந்தும் உரிமையாளர் நேரடியாக வேலைநீக்கத்துக்குச் சென்றிருந்தால் அவரது வாதம் பலவீனப்படும். அதே ஊழியர், நோய் எதிர்ப்புத்திறன் குன்றியவர்களைக் கவனிக்கும் மருத்துவமனைப் பிரிவில் இருந்தால் நிர்வாகத்தின் கை ஓங்கும். ராணுவம் போன்ற பணிகள் தனி ரகம். தடுப்பூசியைப் பணி நிபந்தனையாக்கிய விமானப்படை, மறுத்த ஒருவரைப் பணிநீக்கம் செய்ததாக குஜராத் உயர்நீதிமன்றத்தில் 2021-இல் தெரிவித்தது.

முன்னெச்சரிக்கை விதிகளுக்கும் எல்லை உண்டு. அரசு, தனியார் ஊழியர்கள் அனைவரும் 'ஆரோக்கிய சேது' செயலியைப் பயன்படுத்துவதை 2020 மே 1-ஆம் தேதி மத்திய அரசு கட்டாயமாக்கியது. இரு வாரங்களில், நிறுவனங்கள் 'இயன்றவரை முயல வேண்டும்' என்று அது தளர்த்தப்பட்டது. செயலி இல்லை என்பதற்காக அரசு சேவைகளை மறுக்கக் கூடாது என்று கர்நாடக உயர்நீதிமன்றம் அதே ஆண்டு அக்டோபரில் இடைக்கால உத்தரவிட்டது. அத்தகைய நிபந்தனைக்குச் சட்ட ஆதாரம் இல்லை என்பதே அதற்குக் காரணம்.