வழு அறிக்கை

வழு அறிக்கை என்பது ஒரு மென்பொருளில் காணப்படும் பிழையை, அதனைத் திருத்தும் பொறுப்புடையவருக்கு விளக்கும் எழுத்துக் குறிப்பு ஆகும். பிழையை வரவழைக்கும் படிகள், எதிர்பார்த்த விளைவு, உண்மையில் கிடைத்த விளைவு ஆகிய மூன்றும் இதன் அடிப்படை உறுப்புகள். வழு என்னும் சொல் தமிழ் இலக்கணத்தில் திணை, பால், இடம் முதலியன பிறழ்ந்து வருவதைக் குறிப்பது. கணிமைத் தமிழில் இது மென்பொருட் பிழைக்கு ஆளப்படுகிறது.

அறிக்கையைப் பெறுபவர் வேற்று நாட்டினராகவும் தமிழ் எழுத்தை அறியாதவராகவும் இருக்கும்போது, தமிழருக்கு வெளிப்படையாகத் தெரியும் பிழை அவர் கண்ணுக்குப் புலப்படாமல் போகலாம். இக்கட்டுரை, தஞ்சாவூர் வட்டார ஊர்ப் பெயர்களில் தோன்றும் ஒரு தேடல் வழுவை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அத்தகைய அறிக்கை எழுதப்படும் முறையை விளக்குகிறது.

## வரலாறு

மொசில்லா திட்டத்தின் பக்சில்லா என்னும் வழுத் தடமறி மென்பொருள் 1998 இல் வெளியானது. இதன் வழியே, உலகின் எப்பகுதியில் உள்ள பயனரும் நிரலாளருக்கு நேரடியாக வழுவைத் தெரிவிக்க இயன்றது. பிரித்தானிய நிரலாளர் சைமன் டாத்தம் 1999 இல், வழுக்களைப் பயனுள்ள வகையில் தெரிவிப்பது பற்றி எழுதிய கட்டுரை பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. நிரலாளர் தாமே அப்பிழையைக் காணுமாறு செய்வதே அறிக்கையின் நோக்கம் என்பது அதன் மையக் கருத்து. 2000 இல் ஜோயல் ஸ்போல்ஸ்கி, நல்ல வழு அறிக்கைக்குப் படிகள், எதிர்பார்த்தது, கண்டது என்னும் மூன்று பகுதிகள் தேவை என வகுத்துக் காட்டினார்.

## எடுத்துக்காட்டு வழு

தஞ்சாவூரில் உள்ள ஒரு நெல் மண்டி வெளிநாட்டில் ஆக்கப்பட்ட கணக்கு மென்பொருளைப் பயன்படுத்துவதாகக் கொள்வோம். நெல் விற்ற உழவர்களின் பெயரும் ஊரும், பழைய கணினியில் இருந்த கோப்பிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றி ஏற்றப்பட்டுள்ளன. தேடுபெட்டியில் "தஞ்சாவூர்" எனத் தட்டச்சிட்டால் அவ்வூர் உழவர்கள் அனைவரும் வருகின்றனர். "பாபநாசம்" என்றாலும் வருகின்றனர். "கும்பகோணம்", "பட்டுக்கோட்டை", "கொள்ளிடம்" என்று தேடினால் ஒருவரும் வருவதில்லை. ஆனால் பட்டியலைக் கண்ணால் பார்த்தால் அவ்வூர்களின் பெயர்கள் பிழையின்றி உள்ளன.

இதன் விளைவு தேடலோடு நிற்பதில்லை. பெயர் கிடைக்காததால் எழுத்தர் புதிய கணக்கைத் தொடங்குகிறார். ஒரே உழவருக்கு இரண்டு கணக்குகள் உண்டாகி, முன்பணம் ஒன்றிலும் நெல்லுக்குத் தரவேண்டிய தொகை மற்றொன்றிலும் பதிவாகின்றன. எனவே நிலுவை தவறாகக் காட்டப்படுகிறது.

## வழுவின் காரணம்

கிடைக்காத ஊர்ப் பெயர்கள் மூன்றிலும் "கொ" அல்லது "கோ" உள்ளது. கிடைத்த இரண்டிலும் ஒகர, ஓகார உயிர்மெய் இல்லை. இந்த வேறுபாடே காரணத்தைக் காட்டுகிறது.

ஒருங்குறியில் "கோ" என்னும் எழுத்தை இரு வகையில் சேமிக்கலாம். முதல் வகையில் ககரத்தை அடுத்து, ஓகாரக் குறி U+0BCB என்னும் ஒரே குறியெண்ணாக வரும். இரண்டாம் வகையில் அக்குறி, ஏகாரத்தின் இரட்டைக்கொம்பு U+0BC7, கால் U+0BBE என இரண்டாகப் பிரிந்து வரும். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஒருங்குறித் தரம் இவ்விரு வரிசைகளையும் நிகரானவை என வரையறுக்கிறது. ஒகரக் குறிக்கும் இவ்வாறே U+0BCA என்னும் தனிக் குறியெண்ணும், U+0BC6, U+0BBE என்னும் இணையும் உள்ளன.

பழைய எழுத்துருக் குறியாக்கங்களில் கொம்பு, மெய், கால் என்பன தனித்தனி வடிவங்களாக எழுதப்பட்டன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் நிரல் கொம்பை மெய்க்குப் பின் நகர்த்திவிட்டுக் காலை இணைக்காமல் விட்டால், இரண்டாம் வகை உண்டாகும். இன்றைய விசைப்பலகைகள் பெரும்பாலும் முதல் வகையையே தருகின்றன. மென்பொருள் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொணராமல் ஒப்பிட்டால் அவை வெவ்வேறு சொற்களாகின்றன. அவ்வாறு ஒரே வடிவத்துக்குக் கொணர்தல் இயல்பாக்கம் எனப்படும்.

பின்வரும் பைத்தான் நிரல் ஒரு சொல்லின் இரு வடிவங்களையும் குறியெண்களாகக் காட்டும்.

```
import unicodedata
s = "கும்பகோணம்"
for f in ("NFC", "NFD"):
    t = unicodedata.normalize(f, s)
    print(f, len(t), " ".join("%04X" % ord(c) for c in t))
```

இதன் வெளியீடு:

```
NFC 10 0B95 0BC1 0BAE 0BCD 0BAA 0B95 0BCB 0BA3 0BAE 0BCD
NFD 11 0B95 0BC1 0BAE 0BCD 0BAA 0B95 0BC7 0BBE 0BA3 0BAE 0BCD
```

முதல் வடிவில் 10 குறியெண்களும், இரண்டாவதில் 11 குறியெண்களும் உள்ளன. தமிழ் படிக்கத் தெரியாதவரும் இந்த வேறுபாட்டைக் காண முடியும்.

## அறிக்கையின் அமைப்பு

"தமிழில் தேடல் வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் உதவிக் குழுவால் எதுவும் செய்ய இயலாது. "தஞ்சாவூர்" என்று தேடிப் பார்த்து, தேடல் செயல்படுகிறது என்றே அவர்கள் விடையளிக்கக்கூடும். மேற்கண்ட வழுவுக்கான அறிக்கை பின்வருமாறு அமையலாம். அனுப்பும்போது இது குழுவினரின் மொழியில், ஒரு வாக்கியத்துக்கு ஒரு செயல் என்ற அளவில் எழுதப்படும்.

தலைப்பு: நிகரான ஒருங்குறி வரிசையில் சேமிக்கப்பட்ட பெயரைத் தேடல் கண்டுபிடிப்பதில்லை.

சூழல்: மென்பொருளின் முழுப் பதிப்பெண், இயங்குதளத்தின் பெயரும் பதிப்பும், விசைப்பலகையின் பெயர்.

படிகள்:
1. புதிய, வெற்றுக் கணக்கேடு ஒன்றைத் திறக்கவும்.
2. இணைக்கப்பட்டுள்ள கோப்பை ஏற்றவும். அதில் ஒரே ஒரு பதிவு உள்ளது. ஊர்ப் பெயர் 11 குறியெண்களைக் கொண்டது.
3. இணைக்கப்பட்டுள்ள இரண்டாவது கோப்பில் உள்ள 10 குறியெண் சொல்லைப் படியெடுத்துத் தேடுபெட்டியில் ஒட்டவும்.
4. தேடல் பொத்தானைச் சொடுக்கவும்.

எதிர்பார்த்த விளைவு: ஒரு பதிவு காட்டப்பட வேண்டும். இரு வரிசைகளும் ஒருங்குறித் தரத்தின்படி நிகரானவை.

உண்மையான விளைவு: பதிவு எதுவும் காட்டப்படவில்லை. பிழைச் செய்தியும் இல்லை.

நிகழும் அளவு: ஒவ்வொரு முறையும் நிகழ்கிறது. ஒகர, ஓகாரக் குறி இல்லாத பெயர்களில் நிகழ்வதில்லை.

இங்கு மண்டியின் முழுப் பட்டியலும் அனுப்பப்படவில்லை என்பது நோக்கத்தக்கது. ஒரே பதிவில் வழு தோன்றுமானால், பட்டியலின் அளவோ பிற பெயர்களோ அதற்குக் காரணமல்ல என்பது உறுதியாகிறது. உழவர்களின் கணக்கு விவரங்களும் வெளியே செல்வதில்லை.

உண்மையான விளைவு என்னும் பகுதியில் கண்டது மட்டுமே இடம்பெற வேண்டும். "தரவுத்தளம் கெட்டுவிட்டது" என்பது ஊகம், "பதிவு எதுவும் காட்டப்படவில்லை" என்பது கண்டது. காரணம் பற்றிய கருத்து இருந்தால், அது கருத்து எனக் குறிப்பிட்டு இறுதியில் தனியே தரப்படும்.

## வெளிநாட்டுக் குழுவிடம் ஏற்படும் இடர்கள்

"எங்களால் இதனை மீண்டும் நிகழ்த்த இயலவில்லை" என்பது அடிக்கடி வரும் விடை. இந்த வழுவில் அதற்குத் தெளிவான காரணம் உண்டு. தமிழ் விசைப்பலகை இல்லாத உதவியாளர் மின்னஞ்சலில் உள்ள "கும்பகோணம்" என்ற சொல்லைப் படியெடுத்துப் பதிவிலும் ஒட்டுவார், தேடுபெட்டியிலும் ஒட்டுவார். இரண்டும் ஒரே வடிவில் அமைவதால் தேடல் வெற்றி பெறும். எனவேதான் மேற்கண்ட படிகளில் இரு வடிவங்களும் தனித்தனிக் கோப்புகளாக இணைக்கப்படுகின்றன. திரைப்பிடிப்பு மட்டும் அனுப்புவதும் போதாது. படத்தில் இரு வடிவங்களும் ஒன்றாகவே தெரியும்.

குழுவினர் அறிந்த மொழியிலிருந்து இணையான எடுத்துக்காட்டு ஒன்றைத் தருவது பயனளிக்கும். பிரெஞ்சு மொழியின் é என்ற எழுத்தும் U+00E9 என ஒரே குறியெண்ணாகவோ, U+0065, U+0301 என இரண்டாகவோ சேமிக்கப்படலாம். அதே மென்பொருள் அவ்வெழுத்திலும் தவறினால், வழு தமிழுக்கு மட்டும் உரியதன்று என்பது விளங்கும்.

தேதியும் எண்ணும் தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம். 04/05 என்பது தஞ்சாவூரில் மே 4, அமெரிக்காவில் ஏப்ரல் 5. ஆதலால் மாதப் பெயரை எழுத்தில் எழுதி, நேரத்துடன் இந்திய நேரம் எனக் குறிப்பது வழக்கம். 1,25,000 என்னும் இலட்ச முறைக் காற்புள்ளியைக் கண்டு அதுவே பிழை என வெளிநாட்டினர் கருதக்கூடும்.

## எல்லைகள்

ஒன்றுபோல் தோன்றும் எல்லா எழுத்து வரிசைகளும் நிகரானவை அல்ல. "கௌரி" என்பதில் ஔகாரக் குறி U+0BCC வர வேண்டும். பலர் ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் தட்டச்சிட்டு "கெளரி" என எழுதுகின்றனர். இது எழுத்துப்பிழை. இயல்பாக்கம் இதனைத் திருத்தாது.

"ஸ்ரீரங்கம்" என்ற பெயரிலும் இத்தகைய சிக்கல் உண்டு. ஒருங்குறியின் 4.1 ஆம் பதிப்பில், 2005 இல், U+0BB6 என்னும் எழுத்து சேர்க்கப்பட்டது. அதன் பின் "ஸ்ரீ" என்பதை U+0BB8 இல் தொடங்கும் பழைய முறையிலும், U+0BB6 இல் தொடங்கும் புதிய முறையிலும் எழுத இயல்கிறது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவில் தோன்றினாலும் தரம் இவற்றை நிகரானவை என வரையறுக்கவில்லை. ஆகவே இதனை வழுவாக அறிவித்தால், மென்பொருள் வடிவமைத்தபடியே செயல்படுகிறது என்று கூறிக் குழுவினர் அறிக்கையை மூடிவிடலாம். இரண்டையும் ஒன்றாகத் தேடும் வசதி வேண்டுமெனில், அதனை வழு அறிக்கையாக அன்றி, புதிய வசதிக்கான வேண்டுகோளாக அனுப்புவதே பொருத்தம்.

வழு திருத்தப்பட்டதாக அறிவிக்கப்பட்டபின், அதே இரு கோப்புகளைக் கொண்டு அதே படிகளைப் புதிய பதிப்பில் செய்துபார்க்க வேண்டும். தேடலில் பதிவு வந்துவிட்டால் வழு நீங்கியது. எனினும் முன்னரே இரட்டித்த கணக்குகள் தாமாக இணைவதில்லை. அவற்றின் முன்பணத்தையும் நிலுவையையும் ஒப்பிட்டு மண்டியில் உள்ளவரே ஒன்றாக்க வேண்டியிருக்கும்.

## இவற்றையும் பார்க்க

* மென்பொருள் வழு
* ஒருங்குறி
* தமிழ் எழுத்துருக் குறியாக்கங்கள்
* பக்சில்லா