டூரின் துணியும் நூற்றில் எட்டு பங்கும்

போன வாரம் ஒரு நண்பரோட டீக்கடையில நின்னு பேசிட்டு இருந்தேன். பேச்சு எப்படியோ டூரின் துணி பக்கம் போச்சு. "அதுக்கு கார்பன் டேட்டிங் பண்ணி பொய்னு சொல்லிட்டாங்களே"ன்னு நான் சொன்னேன். அவர் உடனே, "அந்தத் துணி தீ விபத்துல மாட்டின துணி, எத்தனையோ பேர் கை பட்ட துணி. அழுக்கு சேர்ந்தா தேதி மாறாதா?"ன்னு கேட்டார். நல்ல கேள்வி. அப்ப எனக்குப் பதில் சொல்லத் தெரியல. "விஞ்ஞானிகளுக்குத் தெரியாதா என்ன"ன்னு மழுப்பிட்டேன். அது பதில் இல்ல. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்குதான் இன்னைக்கு எபிசோட்.

முதல்ல துணியைப் பத்தி. இத்தாலியின் டூரின் நகரத்துப் பேராலயத்தில் நாலு மீட்டருக்கும் அதிக நீளமுள்ள ஒரு லினன் துணி இருக்கு. காயங்களோடு இருக்கும் ஒரு மனிதரின் முன்பக்கமும் பின்பக்கமும் அதில் மங்கலாகப் பதிந்திருக்கும். சிலுவையில் இறந்த இயேசுவின் உடலைச் சுற்றிய துணி இது என்பது பலரின் நம்பிக்கை. ஆனா எழுத்து ஆதாரங்களில் இந்தத் துணி உறுதியாகத் தென்படுவது 1350-களில், பிரான்ஸின் லிரே என்ற சின்ன ஊரில்தான். அதற்கு முந்தைய 1300 வருஷம் இது எங்கே இருந்தது, அப்போது இருந்ததா என்பதுதான் கேள்வி.

1988 ஏப்ரல் 21-ஆம் தேதி துணியின் ஒரு மூலையிலிருந்து ஒரு சின்னப் பட்டையை வெட்டினாங்க. அகலம் ஒரு சென்டிமீட்டர், நீளம் ஏழு சென்டிமீட்டர் இருக்கும். அதிலிருந்து ஆளுக்கு ஒரு தபால்தலை அளவு துண்டு மூணு ஆய்வகங்களுக்குப் போச்சு: அமெரிக்காவின் அரிசோனா, இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட், சுவிட்சர்லாந்தின் ஜூரிக். பிரிட்டிஷ் மியூசியத்தின் மைக்கேல் டைட் மேற்பார்வை பார்த்தார்.

சரி, அந்தத் துண்டில் என்ன தேடினாங்க?

வானத்தின் உயரத்தில், விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தாக்கி, கொஞ்சமே கொஞ்சம் கார்பன்-14 உருவாக்கிட்டே இருக்கு. சாதாரண கார்பன் அணுக்கள் ஒரு லட்சம் கோடி இருந்தா, அதுல இது ஏறக்குறைய ஒண்ணு. செடி மூச்சிழுக்கும்போது ரெண்டையும் சேர்த்தே இழுக்கும். உயிரோட இருக்கும் வரை காற்றில் இருக்கும் அதே விகிதம் செடியிலும் இருக்கும். அறுத்துட்டா புதுசா எதுவும் உள்ளே வராது. ஏற்கெனவே இருந்த கார்பன்-14 மட்டும் மெதுவா சிதைஞ்சு குறைஞ்சுட்டே வரும். லினன் நூல் வருவது ஆளிச் செடியின் தண்டிலிருந்து. அது ஒரே பருவத்தில் வளர்ந்து அறுவடையாகும் செடி. அதனால நூலின் வயசும் செடி அறுத்த வருஷமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். பழைய மரத்தின் நடுக்கட்டையை எரிச்ச கரின்னா இந்த வசதி கிடையாது. அந்த உள்வளையங்கள், மரம் வெட்டப்படுவதற்குப் பல வருஷம் முன்னாடியே காற்றோடு தொடர்பை நிறுத்தியிருக்கும்.

கார்பன்-14-இன் அரை ஆயுள் 5730 வருஷம். அத்தனை வருஷத்தில் இருந்ததில் பாதி போயிடும். அடுத்த 5730 வருஷத்தில் மிச்சத்தில் பாதி போகும். வட்டிக் கணக்கைத் தலைகீழாகப் போடுற மாதிரிதான். நூறு வருஷத்துக்கு எவ்வளவு குறையும்னு பார்த்தா, ஏறக்குறைய 1.2 சதவீதம். இந்த ஒரு எண்ணை மனசுல வச்சுக்கோங்க.

ஆய்வகங்கள் துணியைக் கழுவி, எரித்து, அதன் கார்பனைக் கரித்துண்டாக மாற்றி, அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் ஒரு இயந்திரத்தில் வச்சாங்க. மூணு இடத்து விடைகளையும் சேர்த்துப் பார்த்தா, துணியில் மீதமிருந்த கார்பன்-14 ஏறக்குறைய 91.8 சதவீதம். அதாவது நூற்றில் எட்டு பங்குதான் குறைஞ்சிருக்கு. எட்டே காலை 1.2-ஆல் வகுத்துப் பாருங்க. ஏழு நூற்றாண்டுக்குக் கொஞ்சம் குறைவா வரும். வாய்க்கணக்கிலேயே கிட்ட வந்துட்டோம்.

சரியான சூத்திரம் இது:

```
t = 8033 × ln(1 / 0.918) ≈ 690
```

இங்கே ஒரு வேடிக்கை இருக்கு. அந்த 8033 எங்கிருந்து வந்தது? அரை ஆயுளை 0.693-ஆல் வகுத்தா வர்ற எண் அது. ஆனா 5730-ஐ வகுத்தா 8267 வரணும். 8033 வருவது 5568-லிருந்து. இந்த முறையைக் கண்டுபிடித்த வில்லர்ட் லிப்பி காலத்தில் அரை ஆயுளாக எடுத்துக்கொண்டது அந்த 5568. பின்னாடி 5730 தான் சரிக்கு நெருக்கம்னு தெரிஞ்சது. அதற்குள் நூற்றுக்கணக்கான தேதிகள் பழைய எண்ணில் அச்சாகிடுச்சு. பாதி தேதி ஒரு எண்ணில், பாதி தேதி இன்னொரு எண்ணில் இருந்தா ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடவே முடியாது. அதனால எல்லா ஆய்வகமும் பழைய எண்ணையே தொடர்வதுன்னு முடிவு பண்ணாங்க. தப்புன்னு தெரிஞ்சே வச்சிருக்கும் எண் அது. தேதி கெடாம இருக்க, அடுத்த படியில் ஒரு திருத்தம் இருக்கு.

துணிக்கு வந்த விடை 689 வருஷம், கூட்டல் கழித்தல் 16. இந்த வயசை எப்பவும் 1950-இலிருந்து பின்னோக்கி எண்ணணும். கழிச்சா 1261 வரும். ஆனா அதுவே கடைசித் தேதி இல்ல. ஏன்னா காற்றில் இருக்கும் கார்பன்-14-இன் அளவு எல்லா நூற்றாண்டிலும் ஒரே மாதிரி இருந்ததில்ல. எந்த வருஷம் வளர்ந்ததுன்னு உறுதியாத் தெரிஞ்ச மர வளையங்களை ஒவ்வொண்ணா இதே பழைய எண்ணில் அளந்து, "அளந்தா இத்தனை, உண்மையில் இத்தனை"ன்னு ஒரு வரைபடம் வச்சிருக்காங்க. 5568-இன் பிழை ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால இங்கே அடிபட்டுப் போயிடும். அந்த வரைபடம் 14-ஆம் நூற்றாண்டில் மேலே ஏறி இறங்குது. அதனால 689-க்கு ஒரு விடை இல்ல, ரெண்டு விடை: 1262 முதல் 1312 வரை, அல்லது 1353 முதல் 1384 வரை. ரெண்டையும் அடக்கி, 95 சதவீத உறுதியோடு 1260 முதல் 1390 வரைன்னு அறிவிச்சாங்க. 1988 அக்டோபர் 13 அன்று டூரினில் அறிவித்தவரே அந்த நகரத்துப் பேராயர், கர்தினால் பாலெஸ்ட்ரெரோ.

இப்ப நண்பரோட கேள்விக்கு வர்றேன். அழுக்கு சேர்ந்தா தேதி மாறாதா? மாறும். நிச்சயமா மாறும். ஆனா எவ்வளவு அழுக்கு வேணும்?

முதல் நூற்றாண்டுத் துணியா இருந்தா, அதில் ஏறக்குறைய 78.5 சதவீதம் மீதமிருக்கணும். அளந்தது 91.8. இந்த வித்தியாசத்தைப் புதுக் கார்பன் நிரப்பணும். புதுக் கார்பன்னா நூறு சதவீதம்னு வச்சுக்குவோம். துணியின் நூறு கார்பன் அணுவில் 62 புதுசு, 38 பழசுன்னு எடுத்துக்கிட்டா, 62-ஐ நூறாலும் 38-ஐ 78.5-ஆலும் பெருக்கிக் கூட்டினா 91.8 வருது. ஆக, துணியில் இருக்கும் கார்பனில் பாதிக்கு மேல் அழுக்கா இருக்கணும். துணியை விட அதன் மேல் ஒட்டினது அதிகம்! 1532-இல் ஷாம்பெரி நகரத்தில் நடந்த தீ விபத்தின் புகைக்கரின்னு சொன்னா நிலைமை இன்னும் மோசம். அந்தக் கரியே இப்ப கொஞ்சம் பழசாகிடுச்சு, அதனால அது இன்னும் அதிகம் தேவைப்படும். அவ்வளவு படிஞ்சிருந்தா சாதாரண நுண்ணோக்கியிலேயே தெரியும். அதிலும் அமிலம், காரம், சோப்புன்னு கழுவின பிறகும் அது மிஞ்சணும்.

இன்னொரு சோதனையும் அப்பவே நடந்தது. துணியோட சேர்த்து, வயசு தெரிஞ்ச மூணு பழைய துணிகளையும் அதே ஆய்வகங்களுக்குக் கொடுத்திருந்தாங்க. அதில் ஒண்ணு எகிப்தின் தீப்ஸ் நகரத்து கிளியோபாட்ரா என்ற பெண்ணின் மம்மித் துணி. ராணி இல்ல, அதே பெயருள்ள வேறொருவர். அதே இயந்திரங்கள் அந்தத் துணிக்கு ஏறக்குறைய 2000 வருஷம்னு சரியாவே சொன்னது. ரெண்டாயிரம் வருஷத்து லினனை அடையாளம் காண அந்த இயந்திரங்களுக்குத் தெரிஞ்சிருந்தது.

அப்போ எல்லாம் கச்சிதமா? இல்ல. மூணு ஆய்வகங்களின் எண்களைத் தனித்தனியா பாருங்க: அரிசோனா 646, ஜூரிக் 676, ஆக்ஸ்ஃபோர்ட் 750. ஒவ்வொண்ணின் பிழை அளவும் 30 வருஷம் அளவுதான். அதோட பார்த்தா இடைவெளி கொஞ்சம் அதிகம். இதை முதல் ஆய்வுக் கட்டுரையே ஒத்துக்கிட்டது. 2017-இல் மூலத் தரவுகள் வெளியான பிறகு, புள்ளியியல்படி இவை சரியா ஒத்துப்போகலன்னு 2019-இல் ஒரு ஆய்வு சொன்னது. நியாயமான விமர்சனம்தான். ஒரே மூலையிலிருந்து மட்டும் மாதிரி எடுத்ததும் ஒரு குறை. ஆனா அளவைப் பாருங்க. மூணு எண்ணுக்கும் நடுவே இருக்கும் சண்டை நூறு வருஷத்துக்கு. முதல் நூற்றாண்டுக்குப் போக இன்னும் 1200 வருஷம் வேணும். பிழை எல்லையை ரெண்டு மூணு மடங்கு அகலமாக்கினாலும் அங்கே போய்ச் சேராது.

அதே சமயம் இந்த எண் சொல்லாததும் இருக்கு. அந்த ஆளிச் செடி எப்போ அறுக்கப்பட்டது என்பதை மட்டும்தான் கார்பன்-14 சொல்லும். அந்த உருவம் எப்படிப் பதிந்தது, யார் பதித்தாங்க, எதற்காகன்னு அது சொல்லாது. அதன் முன்னால் முழங்காலிட்டு நிற்பவரின் பக்தி உண்மையா என்பதைப் பற்றியும் அதுக்கு ஒண்ணும் தெரியாது.

நேத்து அதே டீக்கடையில நண்பரைப் பார்த்தேன். பழைய பில் ஒண்ணோட பின்பக்கம் 62, 38 எழுதிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "அப்போ அழுக்குன்னு சொல்லி இனிமே தப்பிக்க முடியாது. வேற காரணம்தான் தேடணும்"னு சிரிச்சார். தேடட்டும். ஆனா எந்தக் காரணம் சொன்னாலும் அது இந்த 91.8-க்கும் 78.5-க்கும் நடுவே இருக்கும் இடைவெளியை நிரப்பணும். அடுத்த முறை யாராவது ஒரு கார்பன் தேதி தப்புன்னு சொன்னா, நீங்களும் ஒரே கேள்வி கேளுங்க: எத்தனை சதவீதம்?