எச்.ஐ.வி. சோதனையில் உணர்திறனும் தனித்தன்மையும்: சென்னை முதல் நாமக்கல் வரை

1986ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பயின்றுகொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, தம் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் பாலியல் தொழிலாளர்களிடம் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சென்னையில் எலிசா சோதனைக்கு வசதி இல்லாததால் மாதிரிகள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் செல்லப்பட்டன. ஜேக்கப் ஜான் தலைமையில் இயங்கிய துறையில் நடந்த சோதனையில் ஆறு மாதிரிகள் பாசிட்டிவ் என்று காட்டின. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இவ்வாறுதான்.

ஆயினும் எலிசா காட்டியதை மட்டும் வைத்து அவர்கள் முடிவை அறிவிக்கவில்லை. மாதிரிகள் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, வெஸ்டர்ன் பிளாட் என்னும் வேறு வகைச் சோதனையில் உறுதி செய்யப்பட்டன. அதன் பிறகே, மே மாதத்தில், அன்றைய சுகாதார அமைச்சர் எச். வி. ஹண்டே சட்டமன்றத்தில் செய்தியைத் தெரிவித்தார். முதலில் ஒரு சோதனை, பிறகு வேறொரு சோதனை என்ற இந்த வரிசைக்குக் காரணம், ஒரு சோதனையின் தரத்தை ஒரே எண்ணால் சொல்ல முடியாது என்பதே.

இரண்டு எண்கள்

அந்த இரு எண்களுள் ஒன்று சென்சிட்டிவிட்டி எனப்படும் உணர்திறன். தொற்று உள்ளவர்களுள் எத்தனை பேரைச் சோதனை பிடிக்கிறது என்பதை இது கூறும். மற்றொன்று ஸ்பெசிபிசிட்டி எனப்படும் தனித்தன்மை. தொற்று இல்லாதவர்களுள் எத்தனை பேரைச் சோதனை சரியாக விலக்குகிறது என்பதை இது கூறும். காசநோய்க்கான எக்ஸ்ரே படங்களை மருத்துவர்கள் படிக்கும்போது நேரும் பிழைகளை ஆராய்ந்த ஜேக்கப் எருஷல்மி என்னும் அமெரிக்கப் புள்ளியியலாளர், 1947இல் வெளியிட்ட கட்டுரையில் இவ்விரண்டையும் தனித்தனி அளவுகளாக வரையறுத்தார்.

இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும் தன்மை உடையவை. எலிசாவில் நிறம் எந்த அளவுக்கு மாறினால் பாசிட்டிவ் என்று கொள்வது என ஓர் எல்லைக்கோடு வகுக்கப்படுகிறது. கோட்டைக் கீழே இறக்கினால் தொற்று உள்ளவர் தப்புவது குறையும். ஆனால் தொற்று இல்லாத பலரும் சிக்குவர். மேலே ஏற்றினால் இதற்கு நேர்மாறாக நடக்கும். எலிசா 1985இல் அமெரிக்காவில் இரத்த வங்கிகளுக்காகவே முதலில் அனுமதிக்கப்பட்டது. அங்கே ஒரு பையைத் தவறவிட்டால் அதை ஏற்றிக்கொள்பவருக்குத் தொற்று ஏறக்குறைய உறுதி. நல்ல பை ஒன்றை வீணாக்கினால் நட்டம் ஒரு பை மட்டுமே. எனவே கோடு தாழ்வாகவே வகுக்கப்பட்டது.

நாமக்கல்லில் ஒரு கணக்கு

சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து 1997இல் தனி மாவட்டமான நாமக்கல், லாரித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளும் நெடுந்தூரம் ஓடும் ஓட்டுநர்களும் நிறைந்த இம்மாவட்டம், எச்.ஐ.வி. மிகுந்த மாவட்டங்களுள் ஒன்றாக வகைப்படுத்தப்பட்டது. கருவுற்ற பெண்களிடையே தொற்று நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் காணப்படுவது அந்த வகைக்குரிய அளவுகோல்களுள் ஒன்று. அந்த விகிதத்தையே எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சோதனைகளின் எண்கள் விளக்கத்திற்காக எடுத்துக்கொண்டவை. உண்மையான கருவிகள் இவற்றைவிட மேலானவை.

10,000 பேர் சோதனைக்கு வருகின்றனர். 100 பேருக்குத் தொற்று உண்டு; 9,900 பேருக்கு இல்லை. 'அ' என்னும் சோதனையின் உணர்திறன் 99 விழுக்காடு, தனித்தன்மை 90 விழுக்காடு. 'ஆ' என்னும் சோதனையில் இவை இடம் மாறியுள்ளன: உணர்திறன் 90, தனித்தன்மை 99.

'அ' தொற்றுள்ள 99 பேரைப் பிடித்து ஒருவரைத் தவறவிடும். தொற்று இல்லாத 990 பேரையும் பாசிட்டிவ் என்று காட்டும். மொத்தம் 1,089 பாசிட்டிவ்களில் உண்மையானவை 99. அதாவது பதினொன்றில் ஒன்று. 'ஆ' 90 பேரைப் பிடித்துப் பத்துப் பேரைத் தவறவிடும். தவறாகப் பாசிட்டிவ் காட்டுவது 99 பேருக்கு மட்டுமே. மொத்தம் 189 பாசிட்டிவ்களில் ஏறக்குறைய பாதி உண்மை.

இப்போது இந்த 10,000 பேரும் இரத்தம் கொடுக்க வந்தவர்கள் என்று கொள்வோம். 'அ'வில் தொற்றுள்ள ஒரு பை தப்பும். 'ஆ'வில் பத்துப் பைகள் தப்பும். ஆகவே இரத்த வங்கிக்கு உகந்தது 'அ'. ஆனால் ஓர் ஓட்டுநரை அழைத்து உமக்குத் தொற்று இருக்கிறது என்று சொல்ல வேண்டுமென்றால், 'அ'வை மட்டும் நம்பிச் சொல்பவர் பதினொருவரில் பத்துப் பேருக்குப் பொய்யைச் சொல்லியிருப்பார். வேலை, திருமணம், குடும்பம் எல்லாம் அந்தச் சொல்லால் குலையும். கேள்வித்தாளில் இரு எண்களும் இடம் மாறிவிட்டால் விடை ஓரிரு விழுக்காடு பிசகுவதோடு நிற்பதில்லை. எந்தச் சோதனை எந்த வேலைக்கு என்பதே தலைகீழாகிவிடுகிறது.

வரிசை ஏன் முக்கியம்

தேசிய வழிகாட்டுதலின்படி இரத்த வங்கியில் உணர்திறன் மிகுந்த ஒரு சோதனை போதும். பாசிட்டிவ் என்றால் பை அகற்றப்படும். நோய்க்குறி இல்லாத ஒருவருக்கு முடிவு சொல்ல மூன்று சோதனைகள் வேண்டும். தமிழகத்தில் நம்பிக்கை மையம் என்று அழைக்கப்படும் இடங்களில் இந்த முறைதான் பின்பற்றப்படுகிறது. உணர்திறன் மிகுந்தது முதலில் வரும். தனித்தன்மை மிகுந்தவை அடுத்து வரும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். 'அ'வை முதலில் செய்தாலும் 'ஆ'வை முதலில் செய்தாலும் இரண்டிலும் பாசிட்டிவ் ஆவோர் எண்ணிக்கை ஒன்றுதான்: ஏறத்தாழ 89 உண்மை, 10 பொய். அப்படியானால் வரிசையால் என்ன பயன்? முதல் சோதனையில் நெகட்டிவ் வந்தவர் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார் என்பதில்தான் வேறுபாடு உள்ளது. 'ஆ' முதலில் வந்தால் தொற்றுள்ள பத்துப் பேர் கவலையின்றித் திரும்பிவிடுவர். 'அ' முதலில் வந்தால் ஒருவர் மட்டுமே அவ்வாறு திரும்புவார். 'ஆ' தவறவிடும் மற்றவர்கள் இரு முடிவுகள் முரண்பட்டவர்களாக மையத்திலேயே நிற்பர். அவர்களுக்கு மூன்றாவது சோதனை உண்டு. அதன் பிறகும் தெளிவு இல்லையெனில் சில வாரங்கள் கழித்து மீண்டும் இரத்தம் எடுக்கப்படும்.

இக்கணக்கு, இரு சோதனைகளும் ஒரே ஆளிடம் ஒரே காரணத்தால் தவறுவதில்லை என்று கொள்கிறது. அதனால்தான் அவை வெவ்வேறு ஆன்டிஜென் அல்லது வெவ்வேறு செயல்முறை உடையவையாக இருக்க வேண்டும் என்பது விதி. ஒரே கருவியை மூன்று முறை பயன்படுத்தினால் அதே பிழை மூன்று முறை திரும்பி வரலாம். மேலும், தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் எதிர்ப்பொருள் உருவாகியிராது. அப்போது உணர்திறன் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை நெகட்டிவ் என்றே காட்டும்.

இடமாற்றத்தைக் கண்டுபிடிக்கும் வழி

வினாவில் எந்தக் கூட்டத்தைக் கொண்டு வகுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். "தொற்றுள்ளவர்களில்" என்று தொடங்கினால் அது உணர்திறன். "தொற்று இல்லாதவர்களில்" என்று தொடங்கினால் தனித்தன்மை. "பாசிட்டிவ் வந்தவர்களில்" என்று தொடங்கினால் அது இரண்டும் அன்று. அது, வந்த முடிவு உண்மையாக இருக்கும் வாய்ப்பு. ஊரில் தொற்று எவ்வளவு என்பதைப் பொறுத்து மாறும். ஆயிரத்தில் ஒருவருக்கே தொற்றுள்ள ஊரில் அதே 'அ' சோதனையின் பாசிட்டிவ், நூற்றில் ஏறக்குறைய ஒருவருக்கே உண்மையாகும். சோதனை மாறவில்லை, ஊர்தான் மாறியது.