சிரியின் மூன்று முடிவுகள்: வீடியோ கேம்களில் அறநெறி அமைப்பும் ‘கேனன்’ சர்ச்சையும்

கதையை மையமாகக் கொண்ட வீடியோ கேம்களில், ஆடுபவர் வழியெங்கும் எடுக்கும் முடிவுகளைக் கணக்கில் வைத்துக்கொண்டு, அதற்கேற்ப மற்ற பாத்திரங்களின் போக்கையும் கடைசிக் காட்சியையும் மாற்றித் தரும் ஏற்பாடு அறநெறி அமைப்பு எனப்படுகிறது. ஒரே கதைக்கு இப்படிப் பல முடிவுகள் கிடைக்கும்போது, ‘உண்மையில் நடந்தது இதுதான்’ என்று நிறுவனமோ ரசிகர்களோ ஏற்றுக்கொள்ளும் முடிவுக்குக் கேனன் என்று பெயர். போலந்தைச் சேர்ந்த சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் 2015 மே 19 அன்று வெளியிட்ட ‘தி விட்சர் 3: வைல்ட் ஹண்ட்’ இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோதான கேம். வெளியீட்டுக்கு முன் அந்த நிறுவனம் 36 விதமான இறுதி நிலைகள் இருக்கும் என்று அறிவித்தது. ரசிகர்கள் இன்றும் வாதாடுவது அவற்றில் மூன்றைப் பற்றித்தான். சிரி என்ற இளம்பெண் சாகிறாளா, பேரரசி ஆகிறாளா, விட்சர் ஆகிறாளா?

மீட்டர் வைத்த நன்மை தீமை

விட்சர் 3 எதை மறுத்தது என்று தெரிந்தால்தான் அது செய்தது புரியும். கனடாவின் பயோவேர் 2003இல் வெளியிட்ட ‘ஸ்டார் வார்ஸ்: நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்’ கேமில் ஒளிப் பக்கம், இருள் பக்கம் என்று திரையிலேயே ஓர் அளவுகோல் இருந்தது. ஏழைக்குக் காசு கொடுத்தால் முள் மேலே போகும், மிரட்டிப் பறித்தால் கீழே இறங்கும். அதே நிறுவனத்தின் ‘மாஸ் எஃபெக்ட்’ (2007) ஒரே கோலுக்குப் பதிலாக பாரகன், ரெனகேட் என்று இரண்டு தனித்தனிக் கணக்குகளை வைத்தது. ஒன்றில் போதிய மதிப்பெண் சேர்ந்தால் உரையாடலில் நீல நிற வரி திறக்கும், மற்றதில் சேர்ந்தால் சிவப்பு நிற வரி திறக்கும்.

இதில் ஒரு கோளாறு உண்டு. இரண்டாம் பாகத்தில் நாயகனின் குழுவில் இருக்கும் மிராண்டாவும் ஜாக்கும் சண்டையிடும்போது இருவரின் விசுவாசத்தையும் காப்பாற்ற, ஏதேனும் ஒரு கணக்கில் உயர்ந்த மதிப்பெண் வேண்டும். சூழலைப் பார்த்து ஒருமுறை இரங்கியும் ஒருமுறை கண்டித்தும் நடந்தவருக்கு இரண்டு கணக்கும் பாதியில் நிற்கும். அந்த வரி திறக்காது. ஆக, ஒவ்வொரு இடத்திலும் யோசித்து ஆடியவர் தண்டிக்கப்படுகிறார், முதல் நாளே ‘நல்லவன்’ என்று தீர்மானித்துவிட்டு நீல வரியை மட்டும் அழுத்தியவர் பரிசு பெறுகிறார். அந்தத் தொடரில் பணியாற்றிய ஒருவர் 2020இல் சொன்ன கணக்குப்படி, ஏறத்தாழ 92 விழுக்காட்டினர் பாரகன் வழியில்தான் போனார்கள். அப்படியானால் ரெனகேட் காட்சிகளுக்காகக் கொட்டிய உழைப்பைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி எழுகிறது.

மீட்டர் இல்லாத தராசு

விட்சர் 3இல் ஆடுபவர் கெரால்ட்டாக நடமாடுகிறார். காசு வாங்கிக்கொண்டு பூதங்களை வேட்டையாடும் விட்சர் அவர். அவருடைய நற்குணத்தை அளக்கும் முள் எதுவும் திரையில் கிடையாது. தேர்வுக்கும் விளைவுக்கும் இடையில் வேண்டுமென்றே பல மணி நேர இடைவெளி விடப்பட்டிருக்கிறது. உடனே தெரிந்துவிட்டால், ஆடுபவர் பழைய சேவ் கோப்பைத் திறந்து வேறு பதிலை அழுத்திப் பார்த்துவிடுவார் அல்லவா?

தெளிவான நல்வழி இல்லாத இடங்களும் உண்டு. வெலன் பகுதியில் ஒரு மரத்தடியில் சிறைபட்டிருக்கும் ஆவியை விடுவித்தால், சூனியக்காரிகளிடம் சிக்கிய அநாதைக் குழந்தைகள் பிழைக்கிறார்கள். ஆனால் அந்தப் பகுதியை ஆளும் பிரபுவின் மனைவி அன்னா இறக்கிறாள், அவனும் தூக்கில் தொங்குகிறான். ஆவியைக் கொன்றுவிட்டால் குழந்தைகள் காணாமல் போகிறார்கள். புத்தி பேதலித்த அன்னாவைக் கூட்டிக்கொண்டு வைத்தியம் தேடி அவன் மலைப்பக்கம் போகிறான். இரண்டில் எதையும் ‘சரி’ என்று கேம் சொல்வதில்லை.

ஆனால் சிரியின் விஷயத்தில் மறைவாக ஒரு கணக்கு ஓடுகிறது. கெரால்ட் வளர்த்த பெண் அவள். கணக்கில் சேர்பவை ஐந்தே தருணங்கள்.

முதலாவது கேர் மோர்ஹென் கோட்டைப் போருக்குப் பிறகு வருகிறது. அவளைப் பேத்தி போலப் பார்த்துக்கொண்ட முதிய விட்சர் வெசமீர் இறந்துவிட்டார். துவண்டு உட்கார்ந்திருப்பவளிடம், எல்லாவற்றிலும் நீ சிறந்தவளாக இருக்கத் தேவையில்லை என்று தேற்றலாம். அது மதுக் கோப்பையில் போய் முடியும். மனத்தை லேசாக்க ஒரு வழி தெரியும் என்று சொன்னால் இருவரும் பனிப்பந்து எறிந்து விளையாடுகிறார்கள். பனிப்பந்து அவளுக்குச் சாதகம், மது பாதகம்.

அடுத்து, அவளை அவளுடைய தந்தையான பேரரசர் எம்ஹிரிடம் அழைத்துப் போகிற வழி திறக்கிறது. போய், அவர் நீட்டும் கூலியை மறுத்தால் சாதகம். வாங்கிக்கொண்டால், பெண்ணைக் காசுக்கு ஒப்படைத்தவராகக் கெரால்ட் அவள் மனத்தில் பதிகிறார். போகாமலே இருக்கவும் செய்யலாம். அது கணக்கில் சேராது, ஆனால் பேரரசி முடிவு அத்தோடு அடைபட்டுவிடும். மூன்றாவதாக, மந்திரவாதினிகளின் சபையைச் சந்திக்கும்போது அவளைத் தனியாகப் போகவிட வேண்டும். துணைக்கு நானும் வருகிறேன் என்றால் பாதகம். நான்காவது, தன்னை வெறும் வம்ச ரத்தமாகப் பார்த்த அவல்லாக்கின் ஆய்வுக்கூடத்தை அவள் நொறுக்க முற்படும்போது தடுக்காமல் இருப்பது. கடைசியாக, அவளுக்கு உதவி, பிறகு கோழை என்று பழிக்கப்பட்டு இறந்த ஸ்க்யால் என்ற இளைஞனின் கல்லறைக்கு அவளோடு போவது.

மூன்று அல்லது அதற்கு மேல் பாதகமானால், இறுதியில் உலகை அழிக்க வரும் வெண்பனி என்ற உறைபனியை எதிர்கொள்ளப் போகிற சிரி திரும்பி வருவதில்லை. அவள் உள்ளே போகும் கணத்தில் இந்தப் பழைய தருணங்கள் அவள் நினைவில் ஓடும் காட்சியாகத் திரையில் வருகின்றன. கணக்கு வெளியே தெரிவது அங்கேதான், அப்போதும் எண்ணாக இல்லாமல் ஒரு மகளின் ஞாபகமாக.

இந்த ஐந்தில் எதுவும் நல்லவனா கெட்டவனா என்று கேட்கவில்லை. ஊர் ஊராகக் கொலை செய்த கெரால்ட்டுக்கும் சிரி உயிரோடு கிடைக்கலாம். தர்மவானாக நடந்த கெரால்ட்டும் அவளை இழக்கலாம். கேம் அளப்பது, வளர்ந்த பெண்ணை அவள் போக்கில் விடத் தெரிந்த தகப்பனா என்பதைத்தான். குறையும் இதிலேயே இருக்கிறது. துக்கத்தில் இருப்பவளிடம் ‘எல்லாவற்றிலும் சிறக்க வேண்டியதில்லை’ என்பது எந்தத் தகப்பனும் கனிவோடு சொல்லக்கூடிய சொல். அது அவளைச் சாவை நோக்கி ஒரு படி தள்ளும் என்று யாருக்குத் தெரியும்? மாஸ் எஃபெக்ட்டின் நிறங்கள் ஆடுபவரைச் சோம்பேறியாக்கின என்றால், விட்சர் 3இன் மௌனம் சிலரை ஏமாற்றிவிட்டது. முதல் ஆட்டத்திலேயே சிரியை இழந்தவர்களின் கோபம் நியாயமானது.

பேரரசியா, விட்சரா?

அவள் பிழைத்தால் இரண்டு பாதைகள். பேரரசி ஆக மூன்று நிபந்தனைகள் கூடுதலாக நிறைவேற வேண்டும்: அவளை எம்ஹிரிடம் அழைத்துப் போயிருக்க வேண்டும், ரெடானியாவின் மன்னன் ரடோவிட் கொல்லப்பட வேண்டும், அந்தக் கொலைச் சதியின் முடிவில், கூட்டாளிகளில் டைக்ஸ்ட்ராவைக் கைவிட்டு ரோஷின் பக்கம் நிற்க வேண்டும். அப்போதுதான் எம்ஹிரின் நில்ஃப்கார்ட் போரில் வெல்லும், அவள் ஆள ஒரு பேரரசு இருக்கும். இந்த முடிவில் பனி படர்ந்த ஒயிட் ஆர்ச்சர்ட் என்ற ஊரில் இருவரும் கடைசியாக வேட்டைக்குப் போய்ப் பிரிகிறார்கள். இன்னொரு முடிவில் அதே ஊர்ச் சத்திரத்தில் கெரால்ட் அவளுக்கு ஒரு வெள்ளி வாள் பரிசளிக்கிறார். அவள் இறந்துவிட்டதாகப் பேரரசருக்குப் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

பேரரசி முடிவை ஆதரிப்பவர்கள், அதிக வேலை வாங்கும் முடிவே முழுமையான முடிவு என்கிறார்கள். நல்ல மனம் கொண்ட ஒருத்தி அரியணை ஏறினால் நாட்டுக்கே நன்மை என்பதும் அவர்கள் வாதம். எதிரணியினர் ஆந்த்ரே சப்கோவ்ஸ்கியின் நாவல்களை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். கேர் மோர்ஹெனில் வாள் பழகி விட்சராக வளர்ந்த குழந்தைப் பருவம் அங்கே இருக்கிறது. அதைவிடக் கனமான சான்று, அந்த நாவல்களில் எம்ஹிர் தன் சொந்த மகளையே மணக்கத் திட்டமிட்டவன் என்பது. அதைப் படித்தவர்களுக்கு, அவள் மனம் விரும்பி அவனிடம் திரும்பிப் போகும் காட்சி தொண்டையில் சிக்குகிறது. இந்தச் சண்டையில் நாவல் படித்தவர் கையே ஓங்கியிருந்தது என்று சொல்லலாம்.

நிறுவனம் நெடுங்காலம் எந்தப் பக்கமும் சாயவில்லை. 2016இல் வந்த ‘பிளட் அண்ட் வைன்’ விரிவாக்கத்தில்கூட, கடைசியில் கெரால்ட்டின் திராட்சைத் தோட்ட வீட்டுக்கு யார் வருகிறார் என்பது ஆடுபவரின் பழைய தேர்வுகளைப் பொறுத்தே மாறியது.

கேனனைத் தீர்மானிப்பது யார்?

அடுத்த பாகம் எடுக்க வேண்டியிருக்கும் நிறுவனம் ஏதாவது ஒரு கிளையை வெட்டித்தான் ஆக வேண்டும். ஒவ்வொருவரும் இதற்கு ஒவ்வொரு வழி பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் சக்கர் பஞ்ச், ‘இன்ஃபேமஸ் 2’ கேமை முடித்தவர்களின் கோப்பைப் பதிவுகளைப் பார்த்து, 78 விழுக்காட்டினர் நல்ல முடிவை எடுத்ததால் அதிலிருந்தே 2014இல் ‘செகண்ட் சன்’ கதையைத் தொடங்கியது. உக்ரைனின் 4ஏ கேம்ஸ் நேர்மாறாகப் போனது. ‘மெட்ரோ 2033’இல் மறைவான அறப்புள்ளிகளைப் பாடுபட்டுச் சேர்த்தவர்களுக்கு மட்டும் ஏவுகணைகளைத் தடுக்கும் முடிவு கிடைத்தது, 2013இல் வந்த ‘லாஸ்ட் லைட்’ அதை ஒதுக்கிவிட்டு, மூல நாவலில் உள்ளபடி ஏவுகணைகள் பாய்ந்த முடிவையே எடுத்துக்கொண்டது. ரசிகர்கள் உயர்ந்தது என்று கருதியதும் கேனன் ஆனதும் வேறுவேறாகிப்போன உதாரணம் அது.

சிரி பற்றிய சண்டைக்கு 2024 டிசம்பரில் விடை வந்தது. தி கேம் அவார்ட்ஸ் மேடையில் ‘தி விட்சர் 4’ முன்னோட்டம் வெளியானபோது, அதன் நாயகி பூனைக் கண்களோடு மருந்து குடித்துப் பூதத்தை எதிர்க்கும் சிரி. புல் சோதனை என்ற விட்சர் சடங்கை அவள் கடந்துவிட்டதாக நிறுவனமும் உறுதிப்படுத்தியது. உடனே கிளம்பிய கேள்வி வேறு: வளர்ந்த பெண்ணுக்கு அந்தச் சோதனை எப்படிச் சாத்தியம்?

மூன்று முடிவுகளையும் தாமே பார்க்க நினைப்பவர்கள் இரண்டு இடங்களில் தனி சேவ் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் இடம் மூடுபனித் தீவுக்குப் போவதற்கு முன். ரடோவிட்டைக் கொல்லும் சதியின் முதல் பணி அதற்குள் முடிந்திருக்காவிட்டால் பேரரசி முடிவு கை நழுவும். இரண்டாவது இடம் கேர் மோர்ஹென் போர் முடிந்து, பனிப்பந்துக்கு முன்.