ஸ்டேஷனரி: நகராத கடையின் பெயர்

மே மாதக் கடைசியில் தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களில் எழுதுபொருள் கடைகளின் முகப்பு மாறிவிடும். கண்ணாடி அலமாரியில் இருந்த பொம்மையும் பரிசுப்பொருளும் உள்ளே போக, பிரவுன் ஷீட் சுருள், லேபிள், ஜியாமெட்ரி பாக்ஸ், தண்ணீர் பாட்டில் எல்லாம் முன்னுக்கு வரும். சார்ட் அட்டையில் மார்க்கரால் எழுதிய அறிவிப்புகள் தொங்கும்: "நோட்டு டஜன் விலைக்கு", "1 குயர், 2 குயர் கிடைக்கும்", "லேபிள் இலவசம்". பள்ளி திறந்து கூட்டம் ஓய்ந்ததும் இவற்றைக் கழற்றிவிடுவார்கள். மேலே பலகையில் இருக்கும் "ஸ்டேஷனரி" மட்டும் அப்படியே இருக்கும்.

அப்படி இருப்பதுதான் அந்தச் சொல்லின் பொருளும்கூட. தமிழில் "எழுதுபொருள்" என்றால் விற்கும் சரக்கு தெரிகிறது. அரசின் எழுதுபொருள் அச்சுத்துறையின் பெயரிலும் அது இருக்கிறது. இலங்கைத் தமிழர் சொல்லும் "காகிதாதிகள்" காகிதத்தை முன்னிறுத்தி மற்றதையெல்லாம் "ஆதி"யில் அடக்கிவிடுகிறது. ஸ்டேஷனரி என்ற சொல்லிலோ காகிதமும் இல்லை, பேனாவும் இல்லை. இருப்பது ஓர் இடம் மட்டுமே.

லத்தீனில் "ஸ்டாட்டியோ" என்றால் நிற்றல், நிற்கும் இடம். ரயில்வே ஸ்டேஷனும் போலீஸ் ஸ்டேஷனும் அங்கிருந்து வந்தவைதான். இடைக்கால ஐரோப்பாவில் வணிகர் பலர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குச் சந்தை அலைந்தார்கள். அலையாமல் ஓரிடத்தில் கடை போட்டவரை "ஸ்டேஷனாரியுஸ்" என்றார்கள். பொலோஞா, பாரிஸ் போன்ற பல்கலைக்கழக நகரங்களில் இந்தப் பெயர் புத்தகத் தொழில் செய்தவருக்கு உரியதாயிற்று. மாணவரும் ஆசிரியரும் ஆண்டு முழுக்கத் தேடி வந்ததால், புத்தகக்காரருக்கு அலைய வேண்டிய தேவை இருக்கவில்லை.

அந்தக் கடைக்காரரின் முக்கியமான வேலை விற்பது அல்ல, வாடகைக்கு விடுவது. அச்சு வராத காலம். பல்கலைக்கழகம் சரிபார்த்த மூலப்படி ஒன்று அவரிடம் இருக்கும். அதைத் தைக்காமல் தனித்தனிக் கட்டுகளாக வைத்திருப்பார். மாணவர் ஒரு கட்டை வாடகைக்கு எடுத்துப் போய், படியெடுத்து, திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டை வாங்கிப் போவார். ஒரே நூலைப் பல பேர் ஒரே சமயத்தில் படியெடுக்க இதனால் முடிந்தது. ஊரைவிட்டுப் போய்விடும் வணிகரை நம்பி இந்த முறை நடக்காது. திருப்பிக் கொடுக்க வரும்போது கடை அதே இடத்தில் இருக்க வேண்டும்.

பாரிஸ் பல்கலைக்கழகம் 1275இல் இந்தக் கடைக்காரர்களுக்கு விதிகள் வகுத்தது. அவர்கள் பல்கலைக்கழகத்துக்கு உறுதிமொழி கொடுத்தே தொழில் செய்ய வேண்டும். அடுத்த நூற்றாண்டின் விதிகள், தம்மிடம் உள்ள மூலப்படிகளை வாடகையோடு பட்டியலிட்டுக் கடையில் கண்ணில் படும்படி வைக்கச் சொல்லின. மாணவருக்காக எழுதுபொருள் கடையில் தொங்கும் விலைப்பட்டியலுக்கு வயது ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள்.

லண்டனில் 1403இல் இத்தொழிலாளர் ஒரு சங்கமாகச் சேர்ந்தார்கள். 1557இல் அச்சங்கத்துக்கு அரச பட்டயம் கிடைத்தது. அச்சு வந்து புத்தக வெளியீடு தனித் தொழிலாகப் பிரிந்த பிறகு, "ஸ்டேஷனர்" என்ற பெயர் தாளும் மையும் பேனாவும் விற்பவரிடம் தங்கிப்போனது. அவர் விற்ற சரக்குக்கு "ஸ்டேஷனரி" என்று பெயர். ஆங்கிலத்தில் "நகராதது" என்று பொருள்படும் இன்னொரு "ஸ்டேஷனரி"யும் இதே வேரில் பிறந்ததுதான். எழுத்துக்கூட்டலில் மட்டும் கடைக்கு "ஈ", நகராததற்கு "ஏ" என்று பிரித்துவைத்தார்கள். நம் ஊர்ப் பலகைகளில் ஆங்கிலத்தில் "ஏ" போட்டு எழுதியிருப்பதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. எழுத்துக்கூட்டல்படி பிழைதான். வரலாற்றுப்படி அந்தப் பலகையை எழுதிய ஓவியர் சொல்லின் மூலப்பொருளையே எழுதியிருக்கிறார். தமிழ் எழுத்தில் இந்தச் சிக்கல் எழுவதே இல்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளின்படி பலகையில் தமிழே பெரிதாக இருக்க வேண்டும். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் பிற மொழிக்கும் 5:3:2 என்பது அளவு.

அதே பழைய கடையிலிருந்து வந்த இன்னொரு சொல் அலமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. அது "குயர்". லத்தீனில் "குவாட்டெர்னி" என்றால் நான்கு நான்காக. நான்கு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒருமுறை மடித்தால் எட்டு இலை, பதினாறு பக்கம். கையெழுத்துப் படிகள் இப்படிப்பட்ட கட்டுகளாகத்தான் சேர்ந்தன. பிரெஞ்சுக்காரர் நோட்டுப் புத்தகத்துக்குச் சொல்லும் "காயே"வும் இதன் வழிவந்ததே. பிறகு தாள் வணிகத்தில் குயர் 24 தாளைக் குறிக்கும் அளவாக மாறியது. இருபது குயர் ஒரு ரீம், அதாவது 480 தாள். இன்று ரீம் என்றால் 500 தாள் என்பதால் குயரும் 25 ஆகிவிட்டது. ஆனால் நோட்டுக்காரர் கணக்கில் பழைய 24 இன்னும் உயிரோடு இருக்கிறது.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 24 தாளை இரண்டாக மடித்தால் 48 இலை, 96 பக்கம். அலுவலகப் பதிவேட்டில் "1 குயர்" என்பதற்கு இதுவே பழைய கணக்கு. அதே 24 தாளை நான்காக மடித்து வெட்டினால் 96 இலை, 192 பக்கம். பள்ளி நோட்டில் அடிக்கடி வரும் 192 என்ற விசித்திரமான எண் இந்தக் கணக்கோடு பொருந்துகிறது. 96 அதில் பாதி. ஆக, "1 குயர், 2 குயர் கிடைக்கும்" என்று எழுதிய அறிவிப்பு எத்தனை பக்கம் என்று சொல்லவில்லை. மடிப்பைச் சொல்லாத குயர் அரைகுறை அளவுதான். போதாக்குறைக்கு, குயர் என்ற பெயரை வைத்துக்கொண்டே பக்கத்தைக் குறைத்த நோட்டுகளும் சந்தையில் உண்டு.

வாங்குபவர் சோதிக்க எளிய வழி இருக்கிறது. நடுவில் பின் அடித்த நோட்டாக இருந்தால், முதல் இலையிலிருந்து பின் தெரியும் நடுப்பக்கம் வரை இலைகளை எண்ணி நான்கால் பெருக்கினால் மொத்தப் பக்கம். கட்டுக் கட்டாகத் தைத்த தடித்த நோட்டுக்கு இது செல்லாது. அதற்கு அட்டையில் அச்சிட்ட எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அந்த எண்ணில் பொருளடக்கப் பக்கமும் அச்சிட்ட பக்கங்களும் சேர்த்தி என்று பக்கத்திலேயே பொடி எழுத்தில் இருக்கும். கடைக்காரர் "192 பக்கம், கோடு போட்டது, லாங் சைஸ்" என்று எழுதிவைத்தால் இந்தத் தொல்லை இரு பக்கமும் இல்லை.

பள்ளி திறக்கும் வாரங்களில் நடைபாதையிலும் தள்ளுவண்டியிலும் நோட்டு விற்பவர்கள் வந்து சேர்வார்கள். வாடகை இல்லாததால் கடையைவிட விலையை இறக்கித் தர அவர்களால் முடியும். ஆனால் பள்ளி கொடுக்கும் பட்டியல் பெரும்பாலும் திறந்த பிறகுதான் முழுமையாகிறது. நாலு கோடு நோட்டு வாங்கிய பிறகு ஆசிரியர் இரட்டைக் கோடு கேட்பார். கட்டம் போட்டது ஒன்று போதும் என்ற இடத்தில் மூன்று வாங்கியிருப்போம். அப்போது தள்ளுவண்டி வேறு தெருவில் இருக்கும்.

ஆகவே விலையைப் பெரிதாக எழுதிப் போட்டியிடும் கடை, தன்னிடம் மட்டுமே உள்ள சரக்கை எழுதாமல் விடுகிறது. "பெயர் எழுதாத நோட்டை ஜூன் முழுக்க மாற்றிக்கொள்ளலாம்" என்ற வரியை எழுதும் துணிவு, அடுத்த வாரமும் அங்கே இருக்கப்போகிறவருக்கே வரும். மூலப்படிக் கட்டைத் திருப்பிக் கொடுக்க வந்த பாரிஸ் மாணவருக்கும், தவறான கோட்டு நோட்டை மாற்ற வரும் நம் வீட்டுப் பிள்ளைக்கும் வேண்டியது ஒன்றே. அதற்குத்தான் ஸ்டேஷனரி என்று பெயர்.