பண்டைய வாணிகப் பாடமும் சீட்டில் விடுபட்ட கட்டமும்

சங்ககால வாணிகத்தைச் சிறுவர்க்குச் சொல்லித்தர எளிய வழி ஒன்று உண்டு. சுவரில் ஒரு பெரிய நிலப்படம் தொங்கும். மேசையில் மிளகு, முத்து, குதிரை, மது, பவளம் என்று எழுதிய சீட்டுகள் கிடக்கும். ஒவ்வொரு சீட்டிலும் இரண்டு கட்டங்கள்: பொருள் எங்கிருந்து வந்தது, எங்கே போயிற்று. மாணவர் சீட்டை எடுத்து, நிலப்படத்தில் இரு புள்ளிகளைத் தொட்டுக் காட்டி, உரிய அடுக்கில் வைக்க வேண்டும். பாடத்தை மனப்பாடம் செய்வதைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் இந்த இரண்டு கட்டச் சீட்டு அக்கால வாணிகத்தைத் தவறாகக் காட்டுகிறது என்பது என் வாதம். அன்று பண்டங்கள் கைமாறிக் கைமாறியே நகர்ந்தன. ஆகவே சீட்டுக்கு மூன்றாவது கட்டம் ஒன்று வேண்டும்: எங்கே கைமாறியது? அந்தக் கட்டம் இல்லாவிட்டால் சீட்டு விளையாட்டு வெறும் பொருத்துக வினாவாக முடிந்துவிடும்.

இப்படி வகைபிரிப்பது நம் இலக்கியத்துக்குப் புதிதல்ல. கரிகாலனைப் பாடும் பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்திருந்த பண்டங்களை வந்த திசை வாரியாகவே அடுக்குகிறது. கடல் வழி வந்த குதிரை, தரை வழி வந்த மிளகு மூட்டை, வடமலைப் பொன்னும் மணியும், மேற்கு மலையின் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்து, கீழ்க்கடல் பவளம், கங்கை வளம், காவிரி வளம், ஈழத்து உணவு, காழகத்துப் பொருள் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. கடலிலிருந்து இறங்குவதும் கடலுக்கு ஏறுவதுமான பொதிகளுக்குச் சுங்க அலுவலர் புலி முத்திரை இட்டதையும் அதே பாட்டு சொல்கிறது. சீட்டு விளையாட்டை வகுக்கும் ஆசிரியருக்கு இதைவிட நல்ல மூலம் கிடைப்பது அரிது. ஆனால் பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். மிளகுக்கும் குதிரைக்கும் அது வழியைச் சொல்கிறதே ஒழிய, விளைந்த நிலத்தையோ பிறந்த நாட்டையோ சொல்லவில்லை. வேறு சிலவற்றுக்கு மலையையும் கடலையும் சொல்கிறது. அதாவது புலவர் ஒரே அளவுகோலால் அடுக்கவில்லை. துறையில் நின்று பார்ப்பவர் கண்ணுக்குப் பண்டம் எப்படி வந்து சேர்ந்ததோ அப்படிச் சொல்கிறார். இதை இரண்டு கட்டச் சீட்டில் அடைக்கும்போது, வழியைப் பிறப்பிடம் என்று தவறாகக் குறித்துவிடுகிறோம்.

ஒரு பண்டத்தை எடுத்து அதன் போக்கைத் தொடர்ந்து பார்த்தால் இது தெளிவாகும். நாட்டு மருந்துக் கடையில் இன்றும் கிடைக்கும் சடாமாஞ்சில் இமயத்தின் உயர்ந்த சரிவுகளில் விளையும் செடியின் வேர்த்தண்டு. உரோமானியர் அதை விலைமிக்க நறுமணத் தைலத்துக்குப் பயன்படுத்தினர். கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில், எகிப்திலிருந்து வாணிகம் செய்த, பெயர் தெரியாத கிரேக்கர் ஒருவர் எழுதிய ‘எரித்திரியக் கடற்பயணம்’ என்ற கையேடு, கங்கை முகத்துறையிலிருந்து இது ஏற்றுமதியானதைச் சொல்கிறது. அதே கையேடு, மேற்குக் கரையில் முசிறி வட்டாரத்தில் வாங்கக் கிடைத்த பண்டங்களில் கங்கைச் சடாமாஞ்சிலையும் சேர்க்கிறது. கீழைக் கரைத் துறைகளிலிருந்து கங்கைக்கும் பொன்னாட்டுக்கும் சென்று வந்த பெரிய கலங்களையும் அது குறிப்பிடுகிறது. அடுத்த நூற்றாண்டைச் சேர்ந்ததும், வியன்னாவில் பாதுகாக்கப்பட்டு 1985-இல் வெளியிடப்பட்டதுமான முசிறித் தாள், ‘எர்மப்பொல்லோன்’ என்ற கப்பலின் சரக்கில் கங்கைச் சடாமாஞ்சில் 60 பெட்டிகள் இருந்ததைக் கணக்கிடுகிறது. அந்தத் தாளின் மறுபக்கத்து ஒப்பந்தம், சரக்கைப் பாலைவனத்தின் ஊடே கொப்டோஸ் நகருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து நைல் ஆற்றில் அலெக்சாந்திரியாவுக்கு இறக்க வேண்டும் என்கிறது.

இப்போது சீட்டை எடுங்கள். எங்கிருந்து என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? இமயமா, கங்கைத் துறையா, முசிறியா? எங்கே என்ற கட்டத்தில் கொப்டோசா, அலெக்சாந்திரியாவா, உரோமா? எதை எழுதினாலும் பாதி உண்மைதான். முசிறித் துறையில் ஏற்றியதால் அதைச் சேர நாட்டுப் பொருள் என்று ஒரு மாணவர் எழுதினால், ஆசிரியர் தவறு என்று அடித்துவிட முடியாது; ஏற்றிய துறை முசிறி என்பதற்கு எழுத்துச் சான்றே இருக்கிறது. விடை பிழையா வினா பிழையா என்று கேட்டால், வினாதான் என்பேன்.

பவளச் சீட்டில் சிக்கல் இன்னும் கூடுகிறது. பட்டினப்பாலை அதைக் கீழ்க்கடலோடு சேர்க்கிறது. கிரேக்கக் கையேடோ மேற்குக் கரைக்கு எகிப்திலிருந்து வந்த இறக்குமதிகளில் பவளத்தைச் சொல்கிறது. உரோமானியப் பெண்கள் இந்திய முத்தை மதிப்பதுபோல இந்தியர் பவளத்தை மதிக்கிறார்கள் என்று உரோமானிய அறிஞர் பிளினி எழுதினார். அணிகலனுக்கான செம்பவளம் மத்தியதரைக் கடலில் விளைவது. அப்படியானால் கீழ்க்கடல் என்று புலவர் சொன்னது பிழையா? அப்படி முடிவுகட்டத் தேவையில்லை. மேற்கிலிருந்து வந்த பொருளும் குமரி முனையைச் சுற்றிக் கீழைக் கரைத் துறையில் இறங்கினால், புகார் மக்களுக்கு அது கீழ்க்கடலில் வந்த சரக்குதான். வேறு வகைப் பவளம் கிழக்கிலிருந்து வந்திருக்கவும் கூடும். எப்படியானாலும் இந்தச் சீட்டுக்கு இரண்டு கட்டம் போதவில்லை. வகுப்பில் இதைத்தான் முதலில் எடுத்து விவாதிக்க வேண்டும் என்பது என் கருத்து. மிளகில் தொடங்கினால் எல்லாம் எளிதாக முடிந்துவிடும்.

பாட்டைச் சுங்கக் கணக்காகப் படிக்கலாமா என்று கேட்பவர் உண்டு. புலவர் தம் மன்னன் நகரைப் பெருக்கிப் பாடியிருக்கலாம் என்பது நியாயமான ஐயம். பாட்டை மட்டும் வைத்துச் சீட்டு எழுதுவதை நானும் ஏற்கமாட்டேன். ஆனால் பாட்டு, கையேடு, தாள், அகழாய்வு ஆகிய நான்கும் ஒன்றையொன்று அறியாதவை. கேரளத்தில் பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வில் மத்தியதரைக் கடல் வட்டாரத்து மதுச்சாடி ஓடுகள் கிடைத்தன. செங்கடல் கரையில் பெரெனிகே துறையின் கோயில் வளாகத்தில், இந்தியாவில் செய்த பெரிய சாடி ஒன்றில் 7.55 கிலோ மிளகு அப்படியே இருந்தது. இவற்றோடு ஒத்துப்போகும் வரிகளைச் சீட்டில் எழுதலாம். ஒத்துப்போகாததைத் தனியே வைக்கலாம். ஆகையால் ஒவ்வொரு சீட்டின் பின்புறத்திலும் சான்று எது என்று ஒரு வரி இருக்க வேண்டும். குதிரைச் சீட்டின் பின்புறத்தில் கடல் வழி வந்தது, பட்டினப்பாலை என்று மட்டும் எழுதினால் போதும். எந்த நாட்டுக் குதிரை என்று பாட்டு சொல்லாததை நாம் அரேபியா என்று நிரப்பினால், அது நம் ஊகம். அதைப் பென்சிலால் எழுத வேண்டும்.

பதினொரு வயதுக் குழந்தைக்கு இவ்வளவு சிக்கல் தாங்குமா என்பது அடுத்த தடை. எங்கள் அம்பத்தூர், ஆவடி வட்டாரத்துப் பிள்ளைகளுக்குத் தாங்கும் என்றே நினைக்கிறேன். 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள் நிறுவனம் அம்பத்தூரில் வண்டி செய்தது. சட்டத்துக்கான எஃகு, டயருக்கான ரப்பர், பெயின்ட் எல்லாம் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து, அம்பத்தூரில் ஒன்றாகி, வேறோர் ஊர்க் கடைக்குப் போய்ச் சேரும் என்பதைத் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம். சைக்கிள் எந்த ஊருடையது என்று கேட்டால் அவர்களே எதிர்க்கேள்வி கேட்பார்கள். அந்த எதிர்க்கேள்வியைச் சடாமாஞ்சில் சீட்டுக்குத் திருப்பிவிடுவதுதான் ஆசிரியரின் வேலை. தகவலைக் கூட்ட வேண்டியதில்லை, விதியை மாற்றினால் போதும். ஒரு சீட்டு ஒரே மாணவரிடம் இருக்கக் கூடாது. இமயத்தில் ஒருவர், கங்கைத் துறையில் ஒருவர், முசிறியில் ஒருவர் என்று நிற்க, சீட்டு கைக்குக் கை போக வேண்டும். நிலப்படத்தில் அதன் பின்னால் ஒரு நூல் ஓட வேண்டும். எழுத்துச் சான்று உள்ள இடைவெளிக்கு முழு நூல், ஊகமான இடைவெளிக்கு விட்டுவிட்டுத் தைத்த நூல். கங்கைத் துறைக்கும் முசிறிக்கும் நடுவே, கடலில் குமரியைச் சுற்றியா, கீழைக் கரையில் இறங்கிப் பாலக்காட்டுக் கணவாய் வழியா என்ற இடத்தில் இரண்டு விட்டுவிட்ட நூல்களைத் தைக்கலாம்.

நிலப்படமும் ஏனோதானோவென்று இருக்கக் கூடாது. இன்றைய மாநில எல்லைகளும் நாட்டு எல்லைகளும் அச்சிட்ட படத்தில் முசிறி கேரளத்திலும் புகார் தமிழ்நாட்டிலும் விழும். சேர நாடும் சோழ நாடும் ஒரே தமிழகத்தின் பகுதிகள் என்ற செய்தி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். மலை, ஆறு, கரை மட்டும் உள்ள வெற்றுப் படமே ஏற்றது. அதில் நம் பக்கத்துக்கும் ஓர் ஊசி குத்தலாம். ஆவடிக்கு மேற்கே, திருவள்ளூர் தாண்டி, பட்டறைப்பெரும்புதூரில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2015-16-இல் அகழ்ந்தபோது தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் உறைகிணறும் வெளிப்பட்டன. தெற்கே பாலாற்று முகத்தில் வசவசமுத்திரத்தில் 1970-இல் மதுச்சாடி ஓடுகள் கிடைத்தன. துறையும் உள்ளூர் ஊரும் இப்படி ஒரே படத்தில் நிற்கும்போது, கடலில் இறங்கிய சாடி உள்நாட்டுக்கு எவ்வளவு தூரம் போயிருக்கும் என்ற கேள்வி தானாக எழும். அதற்கு அவசரப்பட்டுச் சீட்டு எழுதிவிடக் கூடாது. பட்டறைப்பெரும்புதூர் ஊசியில் நூல் கட்டாமல் விடுவதே நேர்மை.

பண்டத்தின் விலையும் சீட்டில் இருக்க வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். பொருத்தும் விளையாட்டில் வாணிகம் நல்லெண்ணப் பரிமாற்றம்போலத் தோன்றிவிடும் ஆபத்து இருப்பதால், இருக்க வேண்டும் என்பேன். உரோமில் ஒரு ராத்தல் கருமிளகு 4 தினாரி, திப்பிலி 15 தினாரி என்று பிளினி விலை சொல்கிறார். ராத்தல் என்பது ஏறத்தாழ 325 கிராம். நம் சமையலறையில் பின்தங்கிவிட்ட திப்பிலி அங்கே மிளகைவிட மூன்று மடங்குக்கு மேல் விலைபோயிருக்கிறது! ஆனால் இந்த விலை முழுவதும் வணிகருக்குக் கிடைக்கவில்லை. கீழை நாட்டுச் சரக்குக்கு உரோமானிய அரசு நான்கில் ஒரு பங்கை வரியாக எடுத்தது. எர்மப்பொல்லோன் சரக்கிலும் அந்தக் கால்பங்கு கணக்கிடப்பட்டிருக்கிறது. எனவே அலெக்சாந்திரியாவில் நிற்கும் மாணவருக்குத் தனி விதி: கைக்கு வரும் ஒவ்வொரு நான்கு சீட்டுக்கும் ஒன்றை எடுத்து அரசுப் பெட்டியில் போட வேண்டும். புகாரில் நிற்பவர் கையில் புலி முத்திரை இருக்கும்; அவர் முத்திரை குத்தாத சீட்டு கப்பலேறாது. ஒரு சுற்று முடிந்ததும் இமயத்தில் நிற்பவர், முசிறியில் நிற்பவர், அலெக்சாந்திரியாவில் நிற்பவர் ஆகிய மூவரும் தங்களிடம் என்ன மிஞ்சியது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அடுத்த சுற்றில் இடத்தை மாற்றிக்கொண்டு மீண்டும் ஆடலாம்.