ஷோமோனுக்குப் போகும் கடிதம்

கடிதம் ஒரு பக்கம்தான். கிழக்குப் பிரான்சில் உள்ள ஓத்-மார்ன் மாவட்டத்தின் தலைநகர் ஷோமோன். அந்த மாவட்டத்தின் ஆவணக் காப்பகத்துக்குத்தான் அது போகிறது. லூயிஸ் மிஷேலின் பிறப்புப் பதிவு அதில் கேட்கப்படுகிறது. பள்ளி ஆசிரியை, ஏழைப் பெண்களின் கல்விக்காக உழைத்தவர், 1871இல் பாரிஸ் கம்யூனில் நின்று போராடியவர், அதற்காக நியூ கலிடோனியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர், அங்கே கனாக் மக்களுக்கும் பாடம் சொல்லிக் கொடுத்தவர் அவர். அவரைப் பற்றித் தமிழில் எழுத வருகிறவர் முதலில் அவர் எந்த நாளில், யாருக்குப் பிறந்தார் என்பதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தத் தேவையிலிருந்துதான் கடிதம் பிறக்கிறது.

கடிதத்துக்கு வேண்டியவை நான்கு செய்திகள்: ஊர், பெயர், நாள், என்ன வகைப் பிரதி. நான்கிலும் தவற இடம் இருக்கிறது.

முதலில் ஊர். அவர் பிறந்தது வ்ரோன்கூர் என்ற சிற்றூரில். பிரான்சில் அதே பெயரில் இன்னொரு ஊர் இருக்கிறது. அது நான்சி நகரைத் தலைநகராகக் கொண்ட மெர்த்-ஏ-மொசேல் மாவட்டத்தில் உள்ளது. மாவட்டத்தைக் குறிப்பிடாமல் எழுதினால் கடிதம் நான்சிக்குப் போய், அங்குள்ள ஏட்டில் அப்படி ஒரு குழந்தையே இல்லை என்ற பதிலோடு திரும்பிவிடலாம். நாம் தேடும் ஊரின் இன்றைய முழுப்பெயர் வ்ரோன்கூர்-லா-கோத். அதை மாவட்டப் பெயரோடு எழுத வேண்டும்.

அடுத்தது பெயர். இங்கேதான் அவருடைய வாழ்க்கையே கடிதத்துக்குள் நுழைகிறது. தாய் மரியான் மிஷேல், வ்ரோன்கூர் மாளிகையில் வேலை செய்தவர். மாளிகை தெமாயிஸ் குடும்பத்தினுடையது. அந்த வீட்டு மகன் லோரான்தான் தந்தை என்று பொதுவாகக் கருதப்படுகிறது. குழந்தையை அந்தக் குடும்பத்துப் பெரியவர்களே பேத்தியாக வைத்து வளர்த்தார்கள், படிக்க வைத்தார்கள். ஊரார் அவரை லூயிஸ் தெமாயிஸ் என்றே அழைத்தார்கள். பாட்டி 1850இல் இறந்த பிறகு மாளிகை கைவிட்டுப் போனது. தாயும் மகளும் வெளியேறினார்கள், பெயரும் மிஷேல் ஆனது. இருபது வயதுவரை அவரை எல்லோரும் அழைத்த பெயரில் ஏட்டைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. கடிதத்தில் தாயின் குடும்பப் பெயரைத்தான் எழுத வேண்டும்.

நாள் 1830 மே 29. வகை, முழுப் பிரதி. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் ஏதா சிவில் எனும் குடிமைப் பதிவு அலுவலகத்துக்கு அலைந்தவர்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்கும். பதிவிலிருந்து சாரத்தை மட்டும் எடுத்துத் தரும் சுருக்கப் பிரதி ஒன்று. அதிலும் பெற்றோர் பெயரே இல்லாத வகை உண்டு. ஏட்டில் உள்ளதை ஒரு சொல் விடாமல், ஓரக் குறிப்புகளோடு தருவது இன்னொன்று. லூயிஸ் மிஷேலின் விஷயத்தில் பெற்றோர் பற்றி ஏடு எப்படிப் பேசுகிறது என்பதுதான் கேள்வி. ஆகவே சுருக்கப் பிரதி பயன்படாது.

கடிதம் ஏன் அந்த ஊர் மன்ற அலுவலகமான மேரிக்குப் போகாமல் மாவட்டக் காப்பகத்துக்குப் போகிறது என்று கேட்கலாம். மேரியிலும் கேட்கலாம். ஏனென்றால் பிறப்பு ஏடு ஒன்றல்ல, இரண்டு. 1804ஆம் ஆண்டின் சிவில் சட்டம் ஒவ்வொரு பதிவையும் இரண்டு ஏடுகளில் எழுதச் சொன்னது. ஆண்டு முடிந்ததும் ஊர்மன்றத் தலைவரான மேர் இரண்டையும் முடித்துக் கையெழுத்திடுவார். ஒன்று ஊரிலேயே தங்கும். மற்றது ஒரு மாதத்துக்குள் நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்துக்குப் போகும். நீதிமன்றத்தில் சேர்ந்த அந்த ஏடுகளே காலம் கடந்ததும் மாவட்டக் காப்பகத்தின் அலமாரிக்கு வருகின்றன. அதே காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் பதிவேடுகளுக்கும் ஒரு பிரதி கப்பலேறிப் பிரான்சுக்குப் போனது. அவை இன்று எக்ஸ்-ஆன்-புரோவான்ஸில் உள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

இரண்டு ஏடு எதற்கு என்பதற்குப் பாரிஸ் நகரமே விடை. அங்கே ஊர் ஏடுகள் நகரமன்றக் கட்டடத்தில் இருந்தன, நீதிமன்ற ஏடுகள் நீதிமன்ற மாளிகையில் இருந்தன. இரண்டு ஏடு இருந்தும் இரண்டும் ஒரே நகரத்தில். 1871 மே மாதக் கடைசியில், கம்யூன் வீழ்ந்த வாரத்தில், இரண்டு கட்டடங்களும் எரிந்தன. பாரிஸின் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் ஏறத்தாழ 80 லட்சம் சாம்பலாயின. பிறகு தனிச் சட்டம் போட்டு, குடும்பங்களிடம் இருந்த பிரதிகளையும் தேவாலய ஏடுகளையும் கொண்டு மீட்டமைத்தும் மூன்றில் ஒரு பங்கு அளவே திரும்பக் கிடைத்தது. அந்த வாரத்தில் லூயிஸ் மிஷேல் பாரிஸ் தெருக்களில் போரிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய பிறப்புப் பதிவோ தொலைவில், ஒன்று கிராமத்திலும் மற்றது ஷோமோனிலுமாகப் பத்திரமாக இருந்தது. அவர் பாரிஸில் பிறந்திருந்தால் நம் கடிதம் போய்ச் சேர மூல ஏடே இருந்திருக்காது.

கடிதம் காப்பகத்தை அடைந்ததும் முதல் கேள்வி, இதைக் கேட்பவருக்குப் பார்க்க உரிமை உண்டா என்பது. பிரெஞ்சுச் சட்டப்படி பிறப்புப் பதிவு 75 ஆண்டுகள் கடந்தால் எல்லோருக்கும் திறந்தது. 2008க்கு முன் இந்த எல்லை 100 ஆண்டாக இருந்தது. 1830ஆம் ஆண்டின் பதிவுக்கு எந்தத் தடையும் இல்லை. உறவினர் என்று நிரூபிக்கவும் வேண்டாம்.

இரண்டாவது கேள்வி, சான்றிட்ட பிரதிதான் வேண்டுமா என்பது. மாவட்டக் காப்பகங்கள் இந்த ஏடுகளைப் படம்பிடித்து இணையத்தில் வைத்திருக்கின்றன. பதிவைப் படித்துப் பார்க்க மட்டும் வேண்டுமென்றால் அதுவே போதும், பதிலும் அப்படித்தான் வரும். எதற்காகச் சான்று வேண்டும் என்பதைக் கடிதத்தில் ஒரு வாக்கியம் சொல்லிவிட வேண்டும். படம் பக்கத்தைக் காட்டுகிறது. சான்றிட்ட பிரதியோ, எந்த ஏட்டிலிருந்து எடுக்கப்பட்டது, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தது எந்த அலுவலகம் என்பதற்குப் பொறுப்பேற்கிறது. நூலில் அச்சிடவும், பிறர் மறுத்தால் எடுத்து வைக்கவும் இந்தப் பொறுப்பேற்புதான் தேவை.

இனி ஏட்டைத் தேட வேண்டும். பிறப்புகள் நடந்த வரிசையில் எழுதப்பட்டவை. அவற்றுக்குப் பத்தாண்டுக்கு ஒருமுறை பெயர் அகரவரிசைப் பட்டியல் போடுவது வழக்கம். நமக்கு வேண்டியது 1823 முதல் 1832 வரையிலான பட்டியல். அதில் 'மி' வரிசையில் மிஷேலைப் பார்த்து, நாளைக் குறித்துக்கொண்டு, 1830ஆம் ஆண்டு ஏட்டின் மே மாதப் பக்கத்துக்குப் போக வேண்டும்.

அந்தப் பக்கத்தில் கட்டங்கள் கிடையாது. நம் ஊர்ப் பிறப்புப் பதிவேட்டில் தந்தை பெயருக்கு ஒரு பத்தி, தாய் பெயருக்கு ஒரு பத்தி என்று கோடு போட்டிருக்கும். ஒரு பெயர் இல்லையென்றால் அந்த இடம் வெறுமையாகக் கண்ணில் படும். பிரெஞ்சுப் பதிவு அப்படியல்ல. அது கையால் எழுதிய ஓர் உரைநடைப் பத்தி. சிவில் சட்டத்தின் 42ஆம் பிரிவு, பதிவைத் தொடர்ச்சியாக, நடுவில் எங்கும் வெற்றிடம் விடாமல் எழுதச் சொல்கிறது. சுருக்கெழுத்து கூடாது, நாளை எண்ணில் குறிக்கவும் கூடாது. ஆண்டு, மாதம், நாள் எல்லாம் எழுத்தில். பின்னால் யாரும் ஒரு சொல்லைச் செருகவோ ஓர் எண்ணைத் திருத்தவோ முடியாதபடி செய்த ஏற்பாடு இது.

இந்த ஏற்பாடு லூயிஸ் மிஷேலுக்கு என்ன செய்தது என்று பாருங்கள். அவருடைய பதிவில் தாயின் பெயர் இருக்கிறது, தந்தையின் பெயர் இல்லை. பின்னாளில் வந்து ஒரு பெயரை எழுதிச் சேர்க்க அங்கே இடம் காத்திருக்கவும் இல்லை. தந்தை தானே முன்வந்து ஏற்றுக்கொண்டால் ஒழிய அவர் பெயரைப் பதிய முடியாது. அந்தக் காலத்துச் சட்டத்தின் 340ஆம் பிரிவு, தந்தை யார் என்று நீதிமன்றத்தில் தேடுவதையே தடை செய்திருந்தது. தாயும் வழக்குப் போட முடியாது, வளர்ந்த பிள்ளையும் போட முடியாது. அந்தத் தடை 1912இல்தான் தளர்ந்தது. அப்போது லூயிஸ் மிஷேல் இறந்து ஏழு ஆண்டு ஆகியிருந்தது. ஊரறிந்த ஒரு செய்தி ஏட்டில் ஏறாமல் போனதற்கு எழுத்தரின் கவனக்குறைவு காரணமல்ல. சட்டம் அப்படித்தான் எழுதச் சொன்னது.

பக்கத்தின் ஓரத்தையும் பார்க்க வேண்டும். பிற்காலப் பிறப்புப் பதிவுகளின் ஓரத்தில் திருமணமும் இறப்பும் குறிக்கப்பட்டிருக்கும். திருமணக் குறிப்பு 1897க்குப் பிறகும், இறப்புக் குறிப்பு 1945க்குப் பிறகும்தான் கட்டாயமாயின. லூயிஸ் மிஷேல் மணம் செய்துகொள்ளவில்லை. இறந்தது 1905 ஜனவரி 9, மார்செய் நகரில். ஆகவே ஓரத்தில் இறப்பு இல்லையே, இது வேறு ஒருவருடைய பதிவோ என்று மலைக்க வேண்டியதில்லை. இறப்புக்குத் தனிக் கடிதம் மார்செய் பக்கம் போக வேண்டும்.

பிரதி எடுத்து, மூலத்தோடு ஒப்பிட்டு, மூலத்துக்கு ஒத்தது என்று எழுதி, கையொப்பமும் முத்திரையும் இட்டு உறையில் வைக்கிறார்கள். கடிதம் போன வழியே பதில் திரும்புகிறது.

திரும்பி வந்த தாளை எப்படிப் படிப்பது என்பது முக்கியம். முத்திரை உறுதி சொல்வது ஒன்றை மட்டும்: இந்தச் சொற்கள் அந்த ஏட்டில் இப்படித்தான் இருக்கின்றன. ஏட்டுக்குள்ளும் இரண்டு தரம் உண்டு. இன்ன நாளில் இன்னார் என் முன் வந்து இப்படிச் சொன்னார் என்பது மேர் தாமே கண்டது. அதை மறுப்பவர் அந்த ஆவணமே பொய் என்று தனி வழக்காடி நிறுவ வேண்டும். வந்தவர் சொன்ன செய்தி உண்மையா என்பது வேறு. அதற்கு எதிர்ச்சான்று கொடுத்து மறுக்கலாம். ஆகவே எதிர்ச்சான்று வராதவரை இந்தப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு பிறந்த நாளையும் ஊரையும் தாயையும் எழுதலாம். தந்தை யாரும் இல்லை என்று எழுதக் கூடாது, தெமாயிஸ்தான் என்று ஏடு சொல்வதாகவும் எழுதக் கூடாது. தெமாயிஸ் என்ற செய்திக்கு ஆதாரம் அவர் வளர்ந்த வீடும் ஊரார் நினைவும்தான். அதை அந்தக் கணக்கில்தான் எழுத வேண்டும்.

இத்தகைய கடிதம் எழுதப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முழுப் பிரதி கேளுங்கள். வந்ததும் அதில் என்ன இருக்கிறது என்பதோடு, அன்றைய சட்டம் எதை எழுத விடவில்லை என்பதையும் உங்கள் நூலில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.